92.4 சதவீதம் எங்கிருந்து வந்தது?

இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் தங்கள் புராஜெக்டை கிட்ஹப்பில் ஏற்றும்போது, கூடவே ஒரு விளக்கக் கோப்பையும் வைப்பார்கள். அதன் பெயர் `README.md`. பேச்சில் ரீட்மீ. கோட் கிடக்கும் பெட்டகத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுவது அதுதான். டீப் லேர்னிங் புராஜெக்ட் என்றால் பெரும்பாலும் அதில் இவ்வளவுதான் இருக்கும்:

```
# Image Classification using ResNet
pip install -r requirements.txt
python train.py
Accuracy: 92.4%
```

இதை எழுதியவருக்கு இது போதும். எந்த ஃபோல்டரில் டேட்டா இருக்கிறது, எந்த ஜிபியுவில் ஓட்டினார், ராத்திரி எத்தனை மணிக்கு அந்த 92.4 வந்தது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. வேறு ஊரில், வேறு கல்லூரியில், அவருடைய வாட்ஸ்அப் எண் இல்லாத ஒருவர் இதை இறக்கிக்கொண்டு அதே எண்ணை வரவழைக்க முயன்றால் என்ன ஆகும்? ரீட்மீ எழுதப்படுவதே அந்த முன்பின் தெரியாதவருக்காகத்தான். ஓர் உதாரண மாணவரை எடுத்துக்கொண்டு, அவருடைய நான்கு வரியில் என்னென்ன விடுபட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

அவர் செய்த வேலை, படத்தைப் பார்த்து அதில் இருப்பது என்ன என்று கணினியைச் சொல்ல வைப்பது. பயன்படுத்திய படத் தொகுப்பு சிஃபார்-10. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2009-ல் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி எழுதிய அறிக்கையின் மூலம் அறியப்பட்டது. விமானம், கார், பறவை, பூனை என்று பத்து வகை. 32-க்கு 32 புள்ளி அளவுள்ள 60,000 குட்டிப் படங்கள். 50,000 பயிற்சிக்கு, 10,000 தேர்வுக்கு. மாடல் ரெஸ்நெட். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்த கைமிங் ஹேயும் உடனிருந்தவர்களும் 2015-ல் வெளியிட்ட வலையமைப்பு. பயிற்சி என்பது படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, விடை தப்பும்போதெல்லாம் மாடலுக்குள் இருக்கும் லட்சக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவது. அந்த எண்களைத்தான் பாராமீட்டர் என்கிறார்கள்.

முதல் சிக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. 'ரெஸ்நெட்' என்றால் எந்த ரெஸ்நெட்? ஹே குழுவினர் சிஃபார்-10-க்கென்று தனியாக வடிவமைத்தது ரெஸ்நெட்-20. அது மிகச் சிறியது, 2,69,722 பாராமீட்டர்தான். ஆனால் பைடார்ச் கூடவே வரும் டார்ச்விஷன் நூலகத்தில் கைக்குக் கிடைப்பது ரெஸ்நெட்-18. அதைப் பத்து வகைக்கு மாற்றினால் 1,11,81,642 பாராமீட்டர் வரும். ஏறத்தாழ நாற்பது மடங்கு. அளவு மட்டுமல்ல பிரச்சினை. ரெஸ்நெட்-18 பெரிய புகைப்படங்களுக்காகச் செய்யப்பட்டது. உள்ளே நுழைந்த உடனேயே படத்தை இரண்டு முறை பாதியாகச் சுருக்கிவிடும். 32 புள்ளிப் படம் 16 ஆகி, 8 ஆகித்தான் முக்கிய அடுக்குகளுக்குப் போகும். பூனையின் காது எங்கே என்று தேடுவதற்குள் காதே காணாமல் போய்விடும். இரண்டையுமே மாணவர்கள் 'ரெஸ்நெட்' என்றுதான் எழுதுகிறார்கள்.

இதற்கு மருந்து ஒரே ஒரு வரி: "ரெஸ்நெட்-20, மொத்த பாராமீட்டர் 2,69,722" என்று ரீட்மீயில் எழுதிவிடுவது. புதிதாக வருபவர் பயிற்சியைத் தொடங்கும் முன்பே தன் திரையில் வரும் எண்ணோடு ஒப்பிடலாம். 2,72,474 என்று வந்தால்கூட விஷயம் தெரிந்துவிடும். அடுக்குகளுக்கு இடையே குறுக்குப் பாதை போடும் விதம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அதேபோல பயிற்சி தொடங்கும் கணத்தில் மாடலின் பிழை அளவு, அதாவது லாஸ், 2.3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பத்து வகையில் எதுவும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னால் வரும் அளவு அது. பத்தின் இயல் மடக்கை. தொடக்கத்திலேயே அது மிக அதிகமாகவோ சுழியாகவோ இருந்தால், மணிக்கணக்கில் காத்திருக்காமல் அங்கேயே நிறுத்திவிடலாம். ரீட்மீயில் கடைசி முடிவை மட்டும் எழுதுகிறவர்கள் வழியில் இருக்கும் இந்த மைல்கற்களை விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில், புதியவருக்கு அதிகம் கைகொடுப்பது இவைதான்.

அடுத்து டேட்டா. உதாரண மாணவரின் கோடைத் திறந்தால் இப்படி ஒரு பாதை இருக்கும்: `/content/drive/MyDrive/final_project/data`. கூகுள் கொலாபில், அவருடைய சொந்த டிரைவில் இருக்கும் ஃபோல்டர். வேறு யார் கணினியிலும் அது கிடையாது. நம் கல்லூரிகளில் இலவச ஜிபியு என்றால் கொலாப்தான் என்பதால் இந்தப் பாதையை எத்தனையோ புராஜெக்டில் பார்க்கலாம். பாதையை கமாண்டில் கொடுக்கும்படி மாற்றிவிட்டு, எந்தக் கோப்பை இறக்க வேண்டும் என்பதை ரீட்மீயில் துல்லியமாகச் சொல்ல வேண்டும். இங்கே அது `cifar-10-python.tar.gz`, 17,04,98,071 பைட். இறக்கம் பாதியில் அறுந்ததா, கோப்பு மாறிவிட்டதா என்று சரிபார்க்க ஒரு கைரேகை உண்டு. அதன் எம்டி5:

```
c58f30108f718f92721af3b95e74349a
```

சிஃபார் போன்ற பிரபலமான தொகுப்புக்கு டார்ச்விஷனே இதைச் சரிபார்த்துக்கொள்ளும். மாணவர் தானே திரட்டிய நெல் இலைப் படங்களோ எக்ஸ்ரே படங்களோ என்றால் அப்படி யாரும் பார்த்துத் தர மாட்டார்கள். அங்கே இந்த வரி கட்டாயம் வேண்டும்.

கோப்பு சரியாக வந்தாலும் அதைப் பிரிப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 50,000 பயிற்சிப் படங்களில் 5,000-ஐ ஒதுக்கிவைத்து, பயிற்சி சரியாகப் போகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது வழக்கம். எந்த 5,000 என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் கணினி தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு முறையும் அதே சீட்டு விழ, 'சீட்' என்ற தொடக்க எண்ணை நிலையாக வைக்க வேண்டும்.

```python
g = torch.Generator().manual_seed(2024)
idx = torch.randperm(50000, generator=g)
torch.save(idx[45000:], "val_idx.pt")
```

மூன்றாவது வரியைப் பலரும் எழுதுவதில்லை. சீட் ஒன்றாக இருந்தாலும் வேறு வெளியீட்டு பைடார்ச்சில் அதே வரிசை வரும் என்ற உத்தரவாதத்தை பைடார்ச்காரர்களே தருவதில்லை. ஒதுக்கிய படங்களின் எண்களைச் சின்னக் கோப்பாகப் பெட்டகத்திலேயே போட்டுவிட்டால் சீட்டை நம்ப வேண்டிய தேவையே இல்லை.

இனி அந்த 92.4-க்கு வருவோம். இது எந்தச் சுற்றின் எண்? எல்லாப் பயிற்சிப் படங்களையும் ஒருமுறை காட்டி முடிப்பது ஒரு எப்போக். மாணவர்களின் கோடில் ஒவ்வொரு எப்போக் முடிவிலும் 10,000 தேர்வுப் படங்களில் மதிப்பெண் போட்டு, இதுவரை வந்ததில் பெரியதை `best_acc` என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கடைசியில் ரீட்மீக்குப் போவது அந்தப் பெரிய எண்தான். ஒரே பரீட்சையை நூற்றுக்கும் மேற்பட்ட முறை எழுதி, அதிகபட்ச மதிப்பெண்ணை மட்டும் காட்டுவதற்குச் சமம் இது. மாணவருக்கு ஏமாற்றும் எண்ணமே இருக்காது. யாரோ எழுதிய கோடைப் பார்த்து எழுதும்போது அந்த வரியும் கூடவே வந்திருக்கும். ஆனால் கடைசி எப்போக்கின் எண்ணைப் பார்க்கிறவருக்கு 92.4 வராது. அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று அவர் நாள்களை வீணடிப்பார்.

நேர்மையான வழி, எந்தச் சுற்றை எடுப்பது என்பதை ஒதுக்கிவைத்த 5,000 படங்களை வைத்து முடிவு செய்துவிட்டு, தேர்வுப் படங்களை ஒரே ஒரு முறை தொடுவது. அல்லது கடைசி எப்போக்கின் எண்ணையே எடுத்துக்கொள்வது. எதைச் செய்தாலும் அதை ரீட்மீயில் சொல்லிவிட வேண்டும்.

சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஒரு முறை ஓட்டி வந்த எண்ணா, பல முறை ஓட்டிய சராசரியா? உதாரணத்துக்கு, நம் மாணவர் சீட்டை மட்டும் மாற்றி ஐந்து முறை ஓட்டினார் என்று வைத்துக்கொள்வோம். 91.2, 91.5, 91.0, 91.4, 91.3 என்று வந்தால் சராசரி 91.28, விலகல் 0.19. இப்போது ரீட்மீயில் "91.28 ± 0.19, ஐந்து சீட், கடைசி எப்போக்" என்று எழுதலாம். 91.1 கிடைத்தவர் நிம்மதியாகத் தூங்கலாம். 89 கிடைத்தவர் எங்கேயோ தவறு என்று தேடத் தொடங்கலாம். வெறும் 92.4-ஐப் பார்த்தவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெஸ்நெட் கட்டுரையிலேயே 110 அடுக்கு மாடலை ஐந்து முறை ஓட்டி, பிழை விகிதத்தில் சிறந்ததை 6.43 என்றும், சராசரியை 6.61 ± 0.16 என்றும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆய்வகம் செய்ததை மாணவரும் செய்யலாம். ரெஸ்நெட்-20 சின்ன மாடல் என்பதால் ஐந்து முறை ஓட்டுவது கட்டுப்படியாகிற காரியம்தான்.

பயிற்சி அமைப்புகளில் நான் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் வழுக்கி விழும் இடம் இது. ரெஸ்நெட் கட்டுரை ஒரு தடவைக்கு 128 படங்கள் வீதம் காட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் எண்களை எவ்வளவு திருத்துவது என்ற அளவு, அதாவது லேர்னிங் ரேட், 0.1-ல் தொடங்கி 32,000-வது தடவையிலும் 48,000-வது தடவையிலும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. 64,000-ல் பயிற்சி முடிகிறது. கட்டுரை பேசுவது தடவைக் கணக்கில். மாணவர்கள் கோட் எழுதுவது எப்போக் கணக்கில். 50,000 படங்களையும் பயிற்சிக்கு எடுத்தால் ஒரு எப்போக்குக்கு 391 தடவை, மொத்தம் சுமார் 164 எப்போக். 5,000-ஐ ஒதுக்கிவிட்டால் 352 தடவை, சுமார் 182 எப்போக். "164 எப்போக் ஓட்டவும்" என்று மட்டும் ரீட்மீயில் எழுதினால், படங்களை ஒதுக்கியவருக்குப் பயிற்சி 58,000 தடவைக்கு முன்பே நின்றுவிடும். கொலாபில் மெமரி போதவில்லை என்று 128-ஐ 64 ஆக்கினால் கணக்கு முழுவதும் மாறிவிடும். எனவே தடவை, எப்போக், ஒரு தடவைக்கான படங்கள் மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். மற்ற அமைப்புகள் எல்லாம் ஒரு கான்ஃபிக் கோப்பில் இருந்து, அந்தக் கோப்பின் பெயர் ரீட்மீயில் இருந்தால் போதும்.

இனி `requirements.txt`. தேவையான நூலகங்களின் பட்டியல். அதில் வெறுமனே `torch`, `numpy` என்று எழுதினால் இறக்குகிற நாளில் எது புதிதோ அது வரும். 2024 ஜூனில் நம்பை 2.0 வெளியானபோது இதன் விளைவைப் பலர் பார்த்தார்கள். நம்பை 1-ஐ வைத்துக் கட்டப்பட்ட பழைய பைடார்ச்சுக்கு அருகில் புதிய நம்பை வந்து உட்கார்ந்ததும், முந்தின நாள் வரை ஓடிய கோட் எச்சரிக்கையும் பிழையுமாகத் துப்பியது. 2025 தொடக்கத்தில் வந்த பைடார்ச் 2.6-ல் இன்னொரு மாற்றம். சேமித்த மாடலைத் திறக்கும் `torch.load`, பாதுகாப்புக் கருதி இனி வெறும் எண்களை மட்டுமே இயல்பாக ஏற்கும். மாடலை அப்படியே முழுசாகச் சேமித்துவைத்தவர்களின் கோப்புகள் திறக்க மறுத்தன. `state_dict` என்ற வகையில் எண்களை மட்டும் சேமித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்காக `pip freeze` அடித்து வருவதையெல்லாம் கொட்டிவிடக் கூடாது. கொலாபில் அது புராஜெக்டுக்குச் சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான பொருள்களை இழுத்துவரும். கான்டா சூழலில் `@ file:///` என்று தொடங்கும் வரிகளும் வரும். அவை புதிதாக இறக்குபவரின் கணினியில் இல்லாத பாதைகள். கோடில் நேரடியாக `import` செய்த நான்கைந்து நூலகங்களை மட்டும் எண்ணோடு எழுதினால் போதும்:

```
torch==2.1.2
torchvision==0.16.2
numpy==1.26.4
```

கூடவே பைத்தான் எந்தப் பதிப்பு, ஜிபியு எது, ஒரு முறை ஓட எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு வரி. நேரத்தை எழுதுவது அலங்காரத்துக்கு அல்ல. ஓடிக்கொண்டே இருக்கும் திரையைப் பார்த்து, 'தொங்கிவிட்டதா, மெதுவாகப் போகிறதா' என்று குழம்புகிறவருக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

நல்ல ரீட்மீயில் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒன்று சின்னது, மற்றது பெரியது.

```
python eval.py --ckpt resnet20_seed0.pt
python train.py --config resnet20.yaml --seed 0
```

முதல் கமாண்ட் பயிற்சியைத் தொடுவதே இல்லை. மாணவர் ஏற்கெனவே பயிற்றுவித்துச் சேமித்த செக்பாயின்ட் கோப்பைத் திறந்து 10,000 தேர்வுப் படங்களில் மதிப்பெண் போடும். சில நிமிட வேலை. இங்கே ரீட்மீயில் இருக்கும் அதே 91.2 வர வேண்டும். ஜிபியு மாறினால் ஓரிரு படங்கள் முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான். 10,000 படங்களில் ஒரு படம் என்பது 0.01 சதவீதம். இங்கேயே ஒரு சதவீதம் குறைந்தால் கோளாறு பயிற்சியில் இல்லை; டேட்டாவிலோ, படங்களின் நிறங்களைச் சமன் செய்யும் எண்களிலோ இருக்கிறது. இந்த வாசல் தாண்டிய பிறகுதான் இரண்டாவது கமாண்டுக்குப் போக வேண்டும். அங்கே எதிர்பார்க்க வேண்டியது அதே எண்ணை அல்ல, அந்த ± வரம்பை.

சீட்டை நிலையாக வைத்த பிறகும் ஏன் அதே எண் வராது என்று கேட்கலாம். கணினி தசம எண்களைக் கூட்டும்போது வரிசை மாறினால் விடை கடைசி இலக்கத்தில் மாறும். பைத்தானில் அடித்துப் பாருங்கள்:

```python
(0.1 + 0.2) + 0.3   # 0.6000000000000001
0.1 + (0.2 + 0.3)   # 0.6
```

ஜிபியு ஆயிரக்கணக்கான கூட்டல்களை ஒரே நேரத்தில் செய்கிறது. எது முதலில் முடியும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். கடைசி இலக்கத்தில் தொடங்கும் வித்தியாசம் 64,000 தடவை திருத்தப்படும்போது பெருகி, முடிவில் வேறொரு மாடலாகவே நிற்கும். `torch.use_deterministic_algorithms(True)` என்று போட்டு வரிசையைக் கட்டிப்போடலாம். வேகம் குறையும், சில செயல்கள் ஓடவே மறுக்கும். அப்படியும் வேறு ஜிபியுவிலோ வேறு வெளியீட்டிலோ அதே எண் வரும் என்று பைடார்ச்சின் ஆவணம் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே "துல்லியமாக இதே எண் வரும்" என்று ரீட்மீயில் எழுதுவது பொய்யாகிவிடும். வரம்பைச் சொல்வதே சரி.

இது மாணவர்களுக்கு மட்டுமான தலைவலி அல்ல. 2019-ல் எட்வர்ட் ராஃப் என்ற ஆய்வாளர் 255 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, எழுதியவர்களின் கோடைப் பயன்படுத்தாமல் தானே மறுபடி செய்துபார்க்க முயன்றதை வெளியிட்டார். வெற்றி கிடைத்தது 63.5 சதவீதத்தில்தான். அதற்கடுத்த ஆண்டு பேப்பர்ஸ் வித் கோட் தளத்தினர் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டார்கள். நூலகப் பட்டியல், பயிற்சிக் கோட், மதிப்பீட்டுக் கோட், பயிற்றுவித்த மாடல், முடிவுகளின் அட்டவணையோடு அவற்றை வரவழைக்கும் கமாண்ட் ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று கேட்டது அது. மேலே பார்த்ததில் பெரும்பகுதி இந்த ஐந்துக்குள் அடங்கும். அடங்காதது, வழியில் இருக்கும் மைல்கற்களும் ± வரம்பும்.

ரீட்மீ எழுதி முடித்தவர் அதைத் தானே சோதிப்பதில் பயன் குறைவு. அவர் கணினியில் டேட்டா ஏற்கெனவே இறங்கியிருக்கும், நூலகங்கள் ஏற்கெனவே இருக்கும், விட்டுப்போன படிகளைக் கை தானாகச் செய்துவிடும். ஜூனியர் ஒருவரிடம் லிங்க்கை மட்டும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். "அண்ணா, இந்த ஃபைல் எங்க இருக்கு?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரீட்மீயில் சேர வேண்டிய ஒரு வரி. வாயால் பதில் சொல்லிவிட்டால் அடுத்து வருபவரும் அங்கேயே நிற்பார். ஜூனியர் கிடைக்கவில்லை என்றால் புதிய கொலாப் நோட்புக்கில், டிரைவை இணைக்காமல், ரீட்மீயில் உள்ள கமாண்டுகளை மட்டும் ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம்.

கடைசியாக, வைவா எடுக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிபிடியில் சதவீதம் பெரிதாகத் தெரிந்தவுடன் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். மாணவரின் பெட்டகத்தை ஆய்வகத்தில் இருக்கும் வேறொரு கணினியில் இறக்கி, `eval.py`-ஐ மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். சில நிமிடம்தான் ஆகும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது மாணவருக்கும் உங்களுக்கும் தெரிந்துவிடும்.